புறம்போக்கா, பட்டாவா

ஜனவரி 8

ஐ.ஏ.எஸ். நேர்முகத்துக்கு இ-சம்மன் வந்துவிட்டது. பிப்ரவரி கடைசி வாரம், காலை அமர்வு, டில்லி ஷாஜகான் சாலை, தோல்பூர் ஹவுஸ். பிரிண்ட் எடுத்த தாளை அம்மா வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்று எடுக்க நாளை காரைக்குடி போக வேண்டும்.

எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275. இந்த 275-இல் இத்தனை எடுத்தால் தேர்ச்சி என்று எதுவும் இல்லை. போர்டு போடுவதை எழுத்தோடு கூட்டி வரிசை போடுவார்கள், அவ்வளவுதான். காலியிடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பேரைக் கூப்பிடுகிறார்கள். அப்படியானால் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். ராத்திரி முழுக்க இந்தக் கணக்குதான் ஓடியது.

ஜனவரி 11

மெயினில் நான் என்ன எடுத்தேன் என்பது போர்டுக்குத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது நான் நிரப்பிக் கொடுத்த விரிவான விண்ணப்பம்தான். டாஃப் என்கிறார்கள். சொந்த ஊர், படிப்பு, பெற்றோர் தொழில், பொழுதுபோக்கு, எந்தப் பணி முதல் விருப்பம், எல்லாம் அதில் இருக்கிறது. கேள்வித்தாளை நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

காரைக்குடியில் ஒரு பழைய வட்டாட்சியர் சார் இருக்கிறார். ஓய்வுபெற்று நாளாயிற்று. டாஃபை ஒருமுறை படித்துவிட்டு மூன்று நிறப் பேனா வாங்கச் சொன்னார். நான் கண்ணால் பார்த்தது நீலம், படித்தது பச்சை, பிறர் சொல்லக் கேட்டது சிவப்பு. ஒவ்வொரு வரிக்கும் தெரிந்ததையெல்லாம் எழுதி அடிக்கோடு போட வேண்டும். "சிவப்பைப் பச்சையாக்கு, இல்லேன்னா சிவப்புன்னு சொல்லிட்டுப் பேசு. சிவப்பை நீலம் மாதிரிப் பேசுறவனத்தான் அங்க தோண்டுவாங்க" என்றார்.

சொந்த ஊர்: பிள்ளையார்பட்டி. பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர். பக்கம் முழுக்கச் சிவப்பு.

ஜனவரி 14

பொங்கல். கடையில் கூட்டம். அருகம்புல் கட்டியே கை பச்சையாகிவிட்டது. படிக்கவில்லை.

ஜனவரி 19

சார் வீட்டில் முதல் ஒத்திகை. அவரும் அவர் நண்பர்கள் இருவரும். முதல் கேள்வியே, உங்கள் ஊர்க் கோயில் எவ்வளவு பழையது?

"1600 வருஷம் சார்." யோசிக்காமல் வந்தது. அப்பா வெளியூர்க்காரர்களிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வது அதுதான்.

எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். கல்வெட்டு இருக்கிறது என்றேன். அதில் ஆண்டு இருக்கிறதா? எந்த மன்னன்? யார் படித்தது? மூன்றாவது கேள்வியில் வாய் உலர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். குடைவரையில் இருப்பது மிகச் சிறிய கல்வெட்டு: எக்காட்டூருக் கோன் பெருபரணன் என்று ஒரு பெயர். ஆண்டு கிடையாது, அரசன் பெயரும் கிடையாது. பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறும் நிலையில் இருப்பதால், எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் காலம் சொல்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, அதற்குப் பிந்தியது என்பாரும் உண்டு. எழுத்தமைதியை வைத்துச் சொன்னால் நூறு வருஷம் முன்பின் ஆவது சாதாரணம். சிலையைச் செதுக்கியவர் பெயரே அது என்கிறார்கள் சிலர். அதுவும் ஊகம்தான்.

இப்போது என் பதில் இது: "குடைவரைக் கோயில். ஆண்டு பொறித்த கல்வெட்டு இல்லை. எழுத்தமைதியைக் கொண்டு ஐந்தாம் நூற்றாண்டு என்று சிலரும் அதற்குப் பின் என்று சிலரும் சொல்கிறார்கள். ஊரில் 1600 ஆண்டு என்பார்கள்." நாலு வாக்கியம். அடுத்து எதைத் தோண்டினாலும் கீழே ஏதோ இருக்கிறது.

பிள்ளையாருக்கு இரண்டே கை, தும்பிக்கை வலது பக்கம் சுழித்திருக்கும். அதற்கு நீலக் கோடு. தைரியமாகப் போட்டேன்.

ஜனவரி 20

அப்பாவிடம் 1600-ஐப் பற்றிச் சொன்னேன். "பூ வாங்க வந்தவுக கிட்ட எழுத்தமைதி சொல்லச் சொல்றியா?" என்றார். நியாயம்தான்.

ஜனவரி 27

இன்று சார் கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பெற்றோர் தொழில், கோயில் வாசலில் தேங்காய்ப் பூக்கடைன்னு எழுதியிருக்க. சதுர்த்தித் தேருக்குக் கூட்டம் நெருக்குது, தெருவை அகலப்படுத்தணும். நீதான் சப்-கலெக்டர். அப்பா கடையை எடுப்பியா?"

எடுப்பேன் என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். "சினிமால கைதட்டுவாங்க. போர்டுல, என்ன சட்டத்துலன்னு கேப்பாங்க."

தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 என்றேன். கணக்கெடுப்பு, சான்றிதழ், விற்பனைக் குழு, இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் நோட்டீஸ், எல்லாம் மனப்பாடம். சார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்கு. உங்க ஊரு ஊராட்சி" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். முதல் கேள்வி சட்டம் இல்லையாம், நிலம். கடை நிற்பது அரசுப் புறம்போக்கா, கோயில் நிலமா, பட்டாவா? புறம்போக்கு என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்: ஏழாவது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும், ஆறாவது பிரிவில் அகற்ற வேண்டும், மேல்முறையீடும் உண்டு. கோயில் நிலம் என்றால் 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம், அதில் நடவடிக்கை எடுப்பது இணை ஆணையர், வருவாய்த் துறை இல்லை. பட்டா என்றால் ஆக்கிரமிப்பு என்ற பேச்சே இல்லை, கையகப்படுத்தி இழப்பீடு கொடுக்க வேண்டும். மூன்றும் மூன்று கோப்பு. எது என்று தெரியாமல் "எடுப்பேன்" என்றால் நேர்மை என்று யாரும் நினைக்கமாட்டார்கள், அவசரம் என்றுதான் நினைப்பார்கள்.

"சரி, உங்க கடை எந்த நிலம்?" என்றார் கடைசியில்.

தெரியாது என்றேன். அந்த ஒரு பதிலை மட்டும் யாரும் தோண்டவில்லை.

பிப்ரவரி 2

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். அப்பா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நம்ம கடை புறம்போக்கா, பட்டாவா?"

"ஏன்த்தா கேக்குற?"

"இன்டர்வியூவுல கேப்பாங்க."

"டில்லியில உக்காந்திருக்குறவுகளுக்கு நம்ம கடை எதுக்கு?" பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கிக் காகிதத்தில் சுருட்டினார். "உங்க ஐயா காலத்துலருந்து இருக்கு" என்றார். அம்மா விளக்கை அணைக்கச் சொன்னாள்.

பிப்ரவரி 3

எரிச்சல். யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 9

சென்னை. தமிழில் மெயின் எழுதியவர்கள் நேர்முகத்தையும் தமிழிலேயே கொடுக்கலாம், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் உட்காருவார். இங்குள்ள பயிற்சி மையத்தில் இன்றைய ஒத்திகையில் அதே மாதிரி ஒருவரை உட்கார வைத்தார்கள். நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்தேன். பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது. நான் "செய்யலாம் என்றாலும், ஆனால் அதே சமயம், ஒருவேளை" என்று இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் வினைச்சொல்லைப் போடுகிறேன். மொழிபெயர்ப்பாளர் வினைக்காகக் காத்திருக்கிறார். காத்திருந்து சொல்லும்போது என் "ஒருவேளை" விழுந்துவிடுகிறது. தயங்கிச் சொன்னது உறுதியாகச் சொன்ன மாதிரிப் போய்ச் சேருகிறது.

இனி முடிவை முதலில் சொல்லி நிறுத்த வேண்டும். காரணம் அடுத்த வாக்கியம். உறுதி இல்லை என்றால் அதற்கே ஒரு தனி வாக்கியம்: "இது எனக்கு உறுதியாகத் தெரியாது."

வேறொரு பயிற்சி மையத்தில் அச்சடித்த பதில் கையேடு விற்கிறார்கள். ஏன் ஐ.ஏ.எஸ். என்பதற்கு ஐந்து பதில், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். வெளியே டீக்கடையில் இரண்டு பேர் ஒரே பதிலை மாற்றி மாற்றி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பிப்ரவரி 10

பஸ்ஸில் முழுத் தூக்கம்.

பிப்ரவரி 18

கடைக் கேள்விக்கு என் பதில், சார் அடித்துத் திருத்தியது:

"அது என் அப்பா கடை. எந்த வகை நிலம் என்று எனக்குத் தெரியாது. வகையைப் பொறுத்துச் சட்டம் மாறும். எதுவானாலும் நோட்டீஸும் விளக்கம் கேட்பதும் உண்டு. அந்தக் கோப்பை நான் பார்க்கமாட்டேன். மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்து வேறு அதிகாரிக்கு மாற்றச் சொல்வேன்."

முதலில் நான் "அப்பா கடையை மட்டும் வேறொருவர் முடிவு செய்யட்டும்" என்றுதான் எழுதியிருந்தேன். சார் அதைச் சுழித்தார். தெரு முழுக்க ஒரே அளவீடு, ஒரே கோப்பு. பக்கத்துக் கடையை நான் எடுத்து, எங்கள் கடையை இன்னொருவர் விட்டுவைத்தால் தெருவே சிரிக்கும். விலகினால் முழுத் தெருவிலிருந்தும் விலக வேண்டும்.

பதில் சரி. ஆனால் "எனக்குத் தெரியாது" என்ற வரி வரும்போதெல்லாம் குரல் தாழ்கிறது. தெரியாததைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை என்று இத்தனை நாளில் பழகிவிட்டேன். இது அந்தத் தெரியாது இல்லை. அப்பா சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 21

அம்மா கோயிலில் அர்ச்சனை. பிரசாத மோதகத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சதுர்த்திக்குச் செய்யும் முக்குறுணி மோதகத்துக்கு எத்தனை படி அரிசி என்று கேட்டேன். பதினெட்டு. சிவப்புக் கோடு.

பிப்ரவரி 26, டில்லி

தலைவரும் நாலு உறுப்பினர்களும். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்த நேரம்தான் நீளம்.

கோயில் வயதைக் கேட்டார்கள். நாலு வாக்கியம் சொன்னேன். ஒருவர், "அப்படியானால் ஊர் சொல்வது பொய்யா?" என்றார். "பொய் இல்லை, அதற்கு ஆதாரம் அந்த எழுத்து மட்டும்தான், அது ஒரு துல்லியமான ஆண்டைத் தராது" என்றேன். தலையசைத்துவிட்டுச் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போய்விட்டார். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து சேருவதைப் பற்றிக் கேட்டார். சொன்னேன், நீலம். சிவகங்கையின் நிலத்தடி நீர் அளவைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். ஒரு பெண் உறுப்பினர், நகரத்தார் கோயில்கள் ஒன்பது இருக்க, பிள்ளையார்பட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்றார். கேட்டறிந்ததைத்தான் சொல்கிறேன் என்று தொடங்கிச் சொன்னேன்.

கடையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 3

ஊருக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "கடையைக் கேட்டாகளா?"

இல்லை என்றேன். உடனே ரொம்ப நேரம் பேசினார், டில்லிக் குளிரைப் பற்றி, ரயிலைப் பற்றி.

மார்ச் 6

மதிப்பெண், இறுதி முடிவு வந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் போடுவார்கள். அதுவரை கடையில் இருக்கப் போகிறேன்.

eservices.tn.gov.in தளத்தில் அ-பதிவேடு பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றும் எனக்குத் தெரியும். சர்வே எண் அப்பாவிடம் இருக்கிறது. நாளைக்குத் தருகிறேன் என்றிருக்கிறார்.