16 மீட்டர் வேகம் இல்லாத காற்று

விழுப்புரம், திண்டிவனம் வட்டார ரைஸ் மில்களுக்குக் காற்றுக் குழாய் அமைப்பது என் வேலை. அதில் என் மனம் எப்போதும் நிற்கும் இடம், ப்ளோயர் வாயிலிருந்து தூசி அறைக்கு விரிந்து போகும் தகரக் கூம்பு. இதை டிஃப்யூசர் என்போம். வேகத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக அழுத்தத்தை மீட்டுத் தருவதற்காகவே இதை வைக்கிறோம்.

30 செ.மீ. குழாய் 45 செ.மீ. ஆக விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2.25 மடங்காகும், நொடிக்கு 18 மீட்டரில் வந்த காற்று 8 மீட்டருக்கு இறங்கும். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ என்றால், இழப்பே இல்லாத நிலையில் அழுத்தம் 156 பாஸ்கல் ஏறும். நீர்மட்டத்தில் சொன்னால் 16 மில்லிமீட்டர். போகும் திசையிலேயே அழுத்தம் கூடிக்கொண்டு போவதால், காற்று மேடு ஏறுகிறது. எதிர் அழுத்தச் சரிவு என்பது இதுதான்.

நடுக்காற்று இந்த மேட்டை ஏறிவிடும். சிக்கல் தகட்டோரத்தில். அங்கே உராய்வால் வேகம் தளர்ந்த மெல்லிய எல்லைப் படலம் ஓடுகிறது. தகட்டைத் தொடும் இடத்தில் வேகம் சுழியம். ஆனால் அதற்கும் அதே 156 பாஸ்கல்தான். கணக்குப் போட்டால், சொந்த வேகத்தை மட்டும் நம்பி அதை ஏற நொடிக்குச் சுமார் 16 மீட்டர் வேண்டும். 6 மீட்டரில் ஊரும் ஓரக்காற்றிடம் இருப்பது 22 பாஸ்கலுக்கான தெம்பு மட்டுமே.

அப்படியானால் எந்தக் கூம்பிலும் ஓரக்காற்று நின்றுவிட வேண்டுமே? நிற்பதில்லை. கொந்தளிப்பான ஓட்டத்தில் நடுக்காற்று ஓரத்தோடு கலந்து, அதையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கலப்புக்குத் தூரம் வேண்டும். மொத்தக் கோணம் 7 டிகிரி வைத்தால் கூம்பின் நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர், ஓரக்காற்று தாக்குப்பிடிக்கும். இடம் இல்லையென்று 30 டிகிரியில் அடித்தால் நீளம் 28 செ.மீ. தான். உதவி வந்து சேருமுன் ஓரக்காற்று நின்று, பின்னோக்கித் திரும்பி, தகட்டை விட்டுப் பிரிகிறது. நடுக்காற்று விரியாமல் பீய்ச்சிக்கொண்டு போகிறது. பெரும்பாலும் அது ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மறுபக்கம் வெறும் சுழல்.

கண்டுபிடிப்பது எளிது. ப்ளோயரைத் தூசியில்லாமல் ஓட்டி, உள்சுவரில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிப் பார்க்கிறேன். முன்னோக்கிப் படிந்திருந்தால் நல்லது. தலை சுற்றினாலோ, ப்ளோயரைப் பார்த்துத் திரும்பினாலோ பிரிவு வந்துவிட்டது. கூம்பு நெடுகத் துளையிட்டு, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூபில் அழுத்தமும் அளப்பேன். மட்டம் படிப்படியாக ஏறி வந்து, கூம்பு முடியுமுன்பே ஏறாமல் நின்றுவிட்டால், அந்த இடத்துக்குச் சற்று முன்னால் காற்று தகட்டை விட்டிருக்கிறது.

7 டிகிரியையும் குறைத்து நீட்டிக்கொண்டே போவதில் லாபமில்லை. உராய்வு மிச்சத்தைத் தின்றுவிடும். நல்ல கூம்பும் முழு 156 பாஸ்கலைத் தராது. கூம்புக்கு நேர் முன்னால் முழங்கை வளைவு இருந்தால் 7 டிகிரியும் போதாமல் போகலாம். வளைவைக் கடந்த காற்றின் ஒரு பக்கப் படலம் ஏற்கெனவே தடித்துத் தளர்ந்திருக்கும். அதனால் முதலில் நேர்க்குழாய்க்கு இடம் கேட்டு வாங்குகிறேன், கூம்பின் கோணத்தை அப்புறம்தான் வரைகிறேன்.