இலைக்கு வேண்டிய ஈரம்

கொத்தமல்லிக் கட்டு கெட்டுப்போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வாடிப்போகலாம், அழுகிப்போகலாம். சமையலறையில் பலரும் இந்த இரண்டையும் ஒரே நோயாக நினைத்து ஒரே மருந்தைக் கொடுக்கிறார்கள். வாடியிருக்கிறதே என்று தண்ணீர் தெளித்து பாலிதீன் பையில் முடிந்து வைத்தால், மூன்றாம் நாள் பைக்குள் கொழகொழவென்று ஒரு பச்சைக் கூழ் இருக்கும். அழுகுகிறதே என்று அப்படியே திறந்து ஃப்ரிட்ஜில் போட்டால், மறுநாள் சாயங்காலமே இலை சுருங்கிக் காகிதமாகிவிடும். ஒரு கெடுதலுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது.

பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தன்னிடமுள்ள நீரை ஆவியாக வெளியே விடுகிறது. மண்ணில் இருந்தவரை வேர் அதை ஈடுகட்டியது. இப்போது ஈடுகட்ட ஆளில்லை. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்றோ வறண்ட காற்று. அதிலுள்ள ஈரமெல்லாம் குளிர்ச்சி தரும் பாகத்தில் போய்ப் படிந்துவிடுவதால், திறந்து கிடக்கும் இலையிடமிருந்து அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சரி, மூடி வைப்போம் என்றால், இலை விட்ட ஆவி வெளியே போக வழியில்லாமல் பையின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, திரும்ப இலைமேலேயே சொட்டுகிறது. அந்தச் சொட்டு நின்ற இடத்தில்தான் அழுகல் தொடங்கும். ஆக, இலையைச் சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்க வேண்டும். இலையின் மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் நடத்திக் காட்டுவது ஒரு பழைய பருத்தித் துணி.

துணிக்குப் போவதற்கு முன் சந்தைக்குப் போக வேண்டும். பாதி வேலை வாங்கும்போதே முடிந்துவிடும்.

"அக்கா, தண்ணி தெளிக்காத கட்டு ஒண்ணு குடுங்க" என்று நான் எப்போதும் கேட்கும் கடை ஒன்று உண்டு. "தெளிக்கலைன்னா பத்து மணிக்கே தலை தொங்கிடும்மா, அப்புறம் யாரு வாங்குவா?" என்பார் அந்த அக்கா. அவர் சொல்வது நியாயம். வெயிலும் காற்றும் படும் தட்டில், அன்றைக்கே விற்றுத் தீர வேண்டிய தழைக்குத் தண்ணீர்தான் துணை. ஒரு வாரம் டப்பாவில் இருக்கப்போகும் தழைக்குத்தான் அது ஆகாது. மூட்டையின் அடியில் இன்னும் தண்ணீர் படாத கட்டு இருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார். வாங்கியதும் கட்டின் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். வெளியே சில்லென்று இருந்தாலும் நடுவில் இளஞ்சூடு தெரிந்தால், அந்தக் கட்டு நெடுநேரம் இறுக்கிக் கட்டப்பட்டுக் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். இலைகள் நெருக்கமாக இருந்து மூச்சு விடும்போது உண்டாகும் சூடு அது. மேல் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும், அப்படிப்பட்ட கட்டு நடுவிலிருந்து மஞ்சளாகும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் லாரியில் வரும் கட்டுகளில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கிய ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்தவுடன் செய்ய வேண்டியது, கட்டியிருக்கும் நாரையோ ரப்பர் பேண்டையோ அவிழ்த்துவிடுவது. வேறு வேலை இருந்தாலும் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நடுவிலுள்ள சூடு வெளியேறட்டும். பிறகு கீரை ஆய்வதுபோல உட்கார்ந்து ஆய வேண்டும். மஞ்சள் இலை, நசுங்கிய இலை, கருத்த நுனி எல்லாம் போகட்டும். ஓர் அழுகல் இலை உள்ளே போனாலும் பக்கத்து இலைகளுக்குப் பரவும். வேரை வெட்டிவிடுகிறேன், அதில் ஒட்டியிருக்கும் மண்ணோடு அழுகல் கிருமிகளும் டப்பாவுக்குள் வந்துவிடும். தண்டை வெட்டுவதில்லை, தழையை நறுக்குவதும் இல்லை. நறுக்கிய ஒவ்வொரு இடமும் ஒரு புண். அங்கிருந்துதான் நீரும் மணமும் போகும்.

ஆய்ந்ததை முறத்திலோ வேட்டித் துணியிலோ பரப்பி, மின்விசிறிக் காற்றில் காய விட வேண்டும். வெயில் கூடாது. எவ்வளவு நேரம் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. கோடையில் அரைமணி போதும், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தைவிடக் கையை நம்பலாம். ஒரு பிடித் தழையை உலர்ந்த உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். கையில் ஈரம் ஒட்டவில்லை, தண்டு இன்னும் விறைப்பாக நிற்கிறது என்றால் பதம் சரி. தண்டு துவளத் தொடங்கிவிட்டால் அதிகம் காய்ந்துவிட்டது.

அதன் பிறகு எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடி டப்பாவோ, அடியில் இரண்டு மடிப்புத் துணி, அதன்மேல் திணிக்காமல் தழை, மேலே இன்னொரு துணி, மூடி. டப்பாவில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். துணிக்குப் பதில் செய்தித்தாள் போடும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அந்த மை உணவில் படக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல்கூட எச்சரித்திருக்கிறது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துண்டு இதற்கு மிக நன்றாக உழைக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த துணி ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

துணியை வைத்ததோடு வேலை முடிவதில்லை. புதன்கிழமை டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் துணி நிரம்பிவிட்டது, இனி அது குடிக்காது. மூடியைத் துடைத்து, துணியை மாற்றுங்கள். துணி மொறமொறவென்று காய்ந்திருந்து தழை துவண்டிருந்தால் எதிர்ப்பக்கத் தவறு: டப்பா சரியாக மூடவில்லை, அல்லது தழை மிகக் குறைவு. அப்படித் துவண்டதைத் தூக்கி எறிய வேண்டாம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, தண்டின் நுனியைச் சிறிது வெட்டிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் நிமிர்ந்துவிடும். வாடியது திரும்பும், மஞ்சளானதும் கொழகொழத்ததும் திரும்பாது. திறந்தவுடன் புளித்த நாற்றம் மூக்கில் அடித்தால், கெட்ட தண்டுகளை எடுத்துவிட்டு மீதத்தை அன்றே தீர்த்துவிடுங்கள்.

வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே பையைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைக்கும் முறையும் உண்டு. அது நல்ல முறைதான். வேரை நன்றாகக் கழுவி, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றி, இலை தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டால் தழை செடிபோலவே நிற்கும். ஆனால் மாவுப் பாத்திரமும் தயிரும் முட்டிக்கொண்டு நிற்கும் நம் ஃப்ரிட்ஜில் டம்ளர் நிமிர்ந்து நிற்க இடம் கிடைப்பது கடினம். கதவில் வைத்தாலோ, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிச்சூடு அதன்மேல்தான் முதலில் படும்.

டப்பாவை வைக்கும் இடம் கீழேயுள்ள காய்கறித் தட்டு. பின்சுவரை ஒட்டி வைத்தால் சில ஃப்ரிட்ஜுகளில் இலை உறைந்துவிடும். பழுத்த வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள் ஆகியவற்றிடமிருந்து தள்ளியே இருக்கட்டும். பழுக்கும்போது அவை விடும் எத்திலீன் என்ற வாயு பச்சை இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.

கறிவேப்பிலை கதை வேறு. அது மரத்தின் இலை, தடித்த இலை, மேலே மெழுகுபோன்ற பளபளப்பு உண்டு. கொத்தமல்லியைப்போல எளிதில் வாடாது. அதனாலேயே நாம் அதைக் கவனிப்பதில்லை. கொசுறாக வந்ததை மூலையில் போட்டுவிடுகிறோம். அதற்கு வரும் கெடுதல் கருப்பு. ஒரு இணுக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு இலையும் நடுக்காம்போடு சேரும் இடத்தில் ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது. தெளித்த தண்ணீர் வழிந்து அங்கேதான் தங்கும். இலை முழுக்கப் பச்சையாக இருக்க, அந்த அடிப்பாகம் மட்டும் ஊசிமுனையளவு கருத்திருந்தால், இரண்டொரு நாளில் கருப்பு மேலே ஏறும். ஆகவே இணுக்கை உதறி, கொத்தமல்லியைவிட நன்றாகவே காய வைக்க வேண்டும். தடித்த இலை என்பதால் கொஞ்சம் அதிகம் காய்ந்தாலும் தாங்கும்.

பலர் இலைகளை உருவி வைப்பார்கள். இடம் மிச்சம்தான், ஒரு வாரத்துக்குக் கெடுதலும் இல்லை. நான் இணுக்காகவே வைக்கிறேன். உருவிய இலையில் அடிக்காம்பு கிழிந்த இடம்தான் முதலில் கருக்கிறது. கீழேயுள்ள மரத்தன்மையான தடித்த குச்சியை மட்டும் ஒடித்துவிட்டால் டப்பாவில் அடங்கும். வாரக் கடைசியில் இணுக்கைத் தூக்கினால் இலைகள் தானாக உதிரும். அதைக் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். பச்சையாக, மணத்தோடு இருந்தால் தாளிக்கலாம். வீட்டுச் செடியில் பறிக்கிறவர்கள் பனியீரம் காய்ந்த பிறகு காலையிலேயே பறிப்பது நல்லது. கொழுந்திலைகளில் மஞ்சளாகக் கடுகளவு உருண்டை தெரிந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் முட்டை. அந்தக் கொழுந்தைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். கொத்தமல்லி விடும் ஈரம் கறிவேப்பிலைக்கு அதிகம். மணமும் கலந்துவிடும்.

கழுவாமல் வைப்பது சிலருக்கு மனசு ஒப்பாது என்று தெரியும், அதுவும் பூச்சிமருந்தைப் பற்றி இவ்வளவு கேள்விப்பட்ட பிறகு. கழுவத்தான் வேண்டும், சமைக்கிற நேரத்தில். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, பாத்திரம் நிறையத் தண்ணீரில் அமுக்கி அலசி, மண் அடியில் தங்கியதும் தழையை மேலாக அள்ளி, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள்.

ஒரு வாரம் பச்சையாக இருந்தாலும் கொத்தமல்லியின் மணம் ஒரு வாரம் அப்படியே இருப்பதில்லை. எனவே ரசத்துக்கும் பச்சடிக்கும் மேலே தூவும் தழையெல்லாம் வியாழனுக்குள் போகட்டும். வெள்ளி, சனிக்கு வருவது துவையலுக்கு. புளியும் மிளகாயும் உளுத்தம்பருப்பும் சேர்ந்து அந்தக் குறையை ஈடுகட்டும், தண்டும் வீணாகாது. அதற்கும் மிஞ்சினால் உப்புப் போட்டு அரைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். முழுத் தழையை உறைய வைத்தால் உள்ளேயிருக்கும் நீர் பனிக்கட்டியாகி இலையைக் கிழித்துவிடும், வெளியே எடுத்ததும் துவண்டு விழும். கறிவேப்பிலையும் உறைந்து இளகினால் கருக்கும். ஆனால் இளக விடாமல், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு காய்ந்த எண்ணெயில் போட்டால் மணம் வரும். எண்ணெய் பயங்கரமாகத் தெறிக்கும், தட்டை மூடியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.