கேலிக்கு முன் ஒரு மூச்சு

மேடையில் கேலி பேசிப் பழக விரும்பும் இளம் நண்பர்கள் நல்ல கேலிச் சொற்களைத் தேடித் திரட்டுகிறார்கள். அவற்றை எங்கே நிறுத்திச் சொல்வது என்பதைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூல் வெளியீட்டு விழாவில், வாழ்த்துரைக்க வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "எண்ணூறு பக்க நாவல். நேற்றிரவு கையில் எடுத்தேன். ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டேன்." அங்கே நிறுத்தினார். முன்வரிசையில் இருந்த நாவலாசிரியரின் முகம் மலர்ந்தது. "முன்னுரையை" என்றார் பெரியவர். அரங்கம் அதிர்ந்தது.

இதையே "முன்னுரையை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டேன்" என்று இயல்பான வரிசையில் சொல்லிப் பாருங்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, நிறுத்துவதற்கும் இடமில்லை. தமிழில் வினைமுற்று வந்ததும் வாக்கியம் முடிந்ததாகக் காது முடிவு செய்துவிடும். செயப்படுபொருளை வினைக்குப் பின்னால் தள்ளி வைத்ததால், நாவலைத்தான் படித்தார் என்று கேட்பவர் தாமாகவே நிரப்பிக்கொண்டார். அப்படி நிரப்பிக்கொள்ள அவருக்குக் கிடைத்த அவகாசமே அந்த மௌனம். நிறுத்தாமல் சொல்லியிருந்தால் தவறாகப் புரிந்துகொள்ளவே நேரம் இருந்திருக்காது.

ஆகவே நிறுத்தத்திற்கு முன் குரல் இறங்க வேண்டும், வாக்கியம் முடிந்தது போல. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். குரலை உயர்த்தித் தொங்கவிட்டு, உதட்டோரம் சிரிப்பையும் காட்டிவிடுகிறார்கள். ஏதோ வரப்போகிறது என்று அவை உஷாராகிவிடுகிறது. இயல்பாக ஒரு மூச்சு இழுக்கும் நேரம் போதும். அதற்கு மேல் நீட்டினால் கேட்பவர் விடையை ஊகிக்கத் தொடங்குவார். மௌனத்திலேயே சிரிப்பு எழுந்தால் ஊகித்துவிட்டார்கள் என்று பொருள். கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதே நல்லது.

நீண்ட மௌனத்திற்கும் இடமுண்டு. அமெரிக்க நகைச்சுவையாளர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியில், 1948இல், ஒரு திருடன் அவரை மறித்துப் பணமா உயிரா என்று கேட்பான். பென்னி பதிலே சொல்லமாட்டார். நேயர்கள் அந்த மௌனத்திற்கே சிரித்தார்கள். திருடன் மறுபடி அதட்டிய பிறகுதான், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பார். கஞ்சனாகவே பல ஆண்டுகள் நடித்து அவர் சேர்த்து வைத்த பெயர் அந்த மௌனத்தைத் தாங்கியது. தம்மையே கேலி செய்துகொண்டதால் அங்கே யாருக்கும் காயமில்லை.

பெரியவரின் கேலி அப்படியல்ல. அந்த ஒரு மூச்சு நேரம் நாவலாசிரியர் பாராட்டை உண்மையென்று நம்பி மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியைத்தான் அரங்கம் பார்த்துச் சிரித்தது. எழுத்தாளர் தேர்ந்தவராக இருந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்வார். முதல் நூலோடு வந்திருப்பவரிடம் இதைச் செய்வதை என்னால் ரசிக்க முடியவில்லை.

எழுத்தில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். மூன்று புள்ளிகள் வைத்தால் வரப்போவதைக் காட்டிக்கொடுத்துவிடும். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அடுத்த வரியில் ஒற்றைச் சொல்லாக எழுதிப் பார்க்கலாம்.