கிண்ணத்தில் மிச்சம் வைக்காதே

முன்னறையில் பார்லர் போட்டிருக்கிறாய். உள்ளே இரண்டு வயதுப் பிள்ளை, காலைச் சுற்றும் பூனை. தொழில் உனக்குத் தெரியும். சாமான் வைக்கும் விதத்தை மட்டும் சித்தி சொல்கிறேன், கேட்டுக்கொள்.

டை, ப்ளீச் பவுடர், டெவலப்பர் மூன்றுக்கும் பூட்டுப் போட்ட அலமாரி வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறினாலும் பிள்ளைக்கு எட்டக் கூடாது. வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். சூட்டில் டெவலப்பர் கெட்டுவிடும். கைக்கு வசதி என்று அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதே. க்ரீம் டெவலப்பர் பார்க்கப் பால் மாதிரி இருக்கும், பிள்ளை குடித்துவிடும். வந்த பாட்டில், வந்த மூடி, ஒட்டிய லேபிள் அப்படியே இருக்கட்டும்.

அலமாரியைப் பூட்டுகிறவர்கள்கூட கோட்டைவிடுவது கலக்கிய கிண்ணத்தில்தான். டையோடு டெவலப்பர் சேர்ந்ததுமே ஆக்சிஜன் வாயு வரத் தொடங்கும். மிச்சத்தை டப்பாவில் போட்டு இறுக மூடினால் அழுத்தம் ஏறி வெடிக்கும்; மறுநாள் அது நிறமும் பிடிக்காது. அதனால் முதலில் பாதி கலக்கு, போதாவிட்டால் மறுபடி கலக்கிக்கொள். மிஞ்சியதை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்று. கிண்ணத்தையும் பிரஷையும் அப்போதே கழுவு. பாட்டிலிலிருந்து எடுத்ததைத் திரும்ப அதில் ஊற்றாதே. அழுக்கு சேர்ந்தால் உள்ளேயே வாயு உண்டாகி பாட்டில் உப்பும்.

டெவலப்பர் தரையில் கொட்டினால், முதலில் பிள்ளையையும் பூனையையும் அறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்து. கையுறை போட்டுப் பழைய துணியால் ஒற்றியெடு. துணியை உடனே குழாயடியில் அலசு. அப்படியே காகிதக் குப்பையில் போட்டால் தீப்பிடிக்க வழியுண்டு. பிறகு ஈரத்துணியால் இரண்டு முறை துடை. ப்ளீச் பவுடர் சிந்தினால் ஃபேனை நிறுத்து, விளக்குமாற்றால் பெருக்காதே. அதிலுள்ள பெர்சல்ஃபேட் தூசி மூச்சிரைப்பைக் கிளப்பும், ஈரத்துணியால் எடு. எது கொட்டினாலும் அதன்மேல் கழிவறை ஆசிட், தரைக்குத் தூவும் ப்ளீச்சிங் பவுடர் எதையும் போடாதே. டையிலுள்ள அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

பூனை மிதித்துவிட்டால் நக்குவதற்குள் பாதத்தைத் தண்ணீரில் கழுவு. பிள்ளையின் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போ. வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே. டையில் பிபிடி இருந்தால் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சு அடைக்கும், பின்னால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். வீக்கம் வரட்டும் என்று பார்த்திருக்காமல் 108-ஐ அழை; டைப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போ. எந்த விஷம் என்று டாக்டருக்கு லேபிள்தான் சொல்லும்.