அம்மம்மாவின் 1500 கலோரி

மன்னார்த் தீவில் புரதத்துக்கு ஒரே பதில்தான் இருக்கிறது: மீன். கிளினிக்கில் கொடுத்த தாளிலும் முதல் வரி அதுதான். "மீன், முட்டை, பால், பருப்பு." அம்மம்மா அந்தத் தாளை மடித்து எங்களிடம் தந்துவிட்டு, "முதல் ரெண்டும் மச்சம். மிச்சத்தைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்காவும் தம்பியுமாக நாங்கள் இருவரும் இரண்டு கிழமை அந்த 'மிச்சத்தை'த்தான் பார்த்தோம். இரண்டு பேருமே கலைப்பீடம். கணக்கு என்றாலே ஓடுகிற ஆட்கள். ஆனால் இந்தக் கணக்கைச் செய்யாமல் விட முடியவில்லை. அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். உயரத்துக்கு 60 கிலோ கொஞ்சம் கூட, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அவரும் நல்ல பிள்ளையாய்க் குறைத்தார். மூன்று மாதத்தில் நிறை குறைந்தது. ஆனால் பாயில் இருந்து எழும்ப கதவு நிலையைப் பிடிக்க வேண்டி வந்தது. போனது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும்தான் என்று டொக்டர் சொன்னார். கலோரி கூடக்கூடாது, புரதம் கூட வேண்டும். அதுதான் எங்களுக்குக் கிடைத்த வீட்டுவேலை.

யூடியூபில் தேடினால் எல்லோரும் "100 கிராமில் இவ்வளவு புரதம்" என்றுதான் சொல்கிறார்கள். அது எங்களுக்கு உதவவில்லை. 100 கிராமுக்குள் தண்ணீர் எவ்வளவு என்பது சாமானுக்குச் சாமான் மாறும். டோஃபுவிலேயே மெதுவானதில் 100 கிராமுக்கு 7 கிராம் புரதம், நன்றாகப் பிழிந்த கெட்டியானதில் 17 கிராம். ஆனால் 100 கலோரிக்கு என்று பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட 12 கிராம்தான். தண்ணீருக்குக் கலோரி இல்லை, அதனால் அது கணக்கில் இருந்து தானாக விழுந்துவிடுகிறது. அம்மம்மாவுக்கு மட்டுப்படுத்தப்பட்டது கலோரி. அப்போ கேட்க வேண்டிய கேள்வி, 100 கலோரி செலவழித்தால் எத்தனை கிராம் புரதம் திரும்பி வரும் என்பதுதான்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்த்தோம். வயது போனவர்களுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நல்லது என்கிறார்கள். அம்மம்மாவுக்கு ஆகக் குறைந்தது 60 கிராம். ஒரு நாளைக்கு அவருக்குச் சொன்னது 1500 கலோரி. அறுபதைப் பதினைந்தால் பிரித்தால் 4. அதாவது அவர் சாப்பிடுகிற எல்லாமே சராசரியாக 100 கலோரிக்கு 4 கிராம் தர வேண்டும். இந்த 4 என்ற எண்ணைச் சமையலறைக் கலண்டரில் பெரிதாக எழுதி வைத்தோம்.

பிறகு அவருடைய ஒரு நாள் சாப்பாட்டை எழுதினோம். சோறு, புட்டு, இடியப்பம் எல்லாம் சேர்த்து 900 கலோரி. அரிசிக்கு 100 கலோரிக்கு 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான், ஆகவே ஏறத்தாழ 20 கிராம். தேங்காயும் எண்ணெயும் 300 கலோரி, அதில் வந்தது 2 கிராம். பருப்பும் மரக்கறியும் 200 கலோரி, 12 கிராம். பால்மாத் தேத்தண்ணி 100 கலோரி, 3 கிராம். மொத்தம் 37. சராசரி நாலுக்குப் பதிலாக இரண்டரை. குறைவது 23 கிராம். இந்த 23ஐ எதனால் நிரப்புவது?

முதலில் யோசித்தது பனீர். இந்தியப் படங்களும் ஜிம் வீடியோக்களும் பார்த்துப் பார்த்து, சைவக்காரருக்குப் புரதம் என்றால் பனீர்தான் என்று எங்கள் மண்டையில் பதிந்திருந்தது. 100 கிராம் பனீரில் சுமார் 300 கலோரி, 19 கிராம் புரதம். 19 என்பது பெரிய எண்தான். ஆனால் அந்த 300 கலோரியில் 200க்கு மேல் கொழுப்பில் இருந்து வருகிறது. ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. கொழுப்பு கூடினால் புரதத்தின் பங்கு சுருங்கிவிடும். 100 கலோரிக்கு 6 கிராம் சொச்சம். 23 கிராமை நிரப்ப 360 கலோரி போய்விடும். கெட்டது என்று இல்லை, நாலுக்கு மேலேதான் நிற்கிறது. நோஞ்சானாக இருக்கிற பிள்ளைக்கு நல்ல சாப்பாடு. அம்மம்மாவின் கணக்கில் விலை கூட.

முட்டை 100 கலோரிக்கு 9 கிராம் அளவு. நாலு முட்டை சாப்பிட்டால் 23 கிராமும் வந்துவிடும். வெள்ளைக்கரு மட்டும் என்றால் 100 கலோரிக்கு 20 கிராமைத் தாண்டும், நாங்கள் பார்த்தவற்றில் அதுதான் முதலிடம். வெளிநாட்டில் 'வெஜிடேரியன்' என்று சொல்கிற பலர் முட்டை சாப்பிடுவார்கள், அதனால்தான் அந்தப் பட்டியல்களில் முட்டை இருக்கிறது. எங்கள் வீட்டில் சைவம் என்றால் முட்டை இல்லை. அம்மம்மா வெள்ளிக்கிழமை திருக்கேதீச்சரம் போகிறவர், முட்டை பொரித்த சட்டியையே வேறாக வைப்பார்.

"கேக்குக்குள்ள போட்டுக் குடுத்தா அவவுக்குத் தெரியவே போகுது?" என்று மாமி கேட்டா. ஒரு நிமிசம் நாங்களும் யோசித்தோம், பொய் சொல்லவில்லை. கேக்குக்குள் போகிற சீனியையும் மாஜரினையும் சேர்த்தால் கணக்கு எப்படியும் படுத்துவிடும் என்பது ஒன்று. மற்றது, ஐம்பது வருசமாகக் காத்துக்கொண்டு வந்த ஒன்றை அவருக்குத் தெரியாமல் உடைத்துவிட்டுப் பிறகு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? முட்டையின் பெயரைக் கலண்டரில் வெட்டிவிட்டோம்.

அடுத்தது முளைப்பயறு. இங்கேதான் நாங்கள் நன்றாக ஏமாந்தோம். ஒரு அட்டவணையில் முளைப்பயறுக்கு 100 கலோரிக்கு 10 கிராம் என்று இருந்தது. காய்ந்த பயறுக்கோ 7 கிராம்தான். ஆகா, முளைக்க வைத்தால் புரதம் கூடுகிறது என்று துள்ளினோம். பிறகுதான் அந்த அட்டவணையில் சொன்னது எந்த முளை என்று பார்த்தோம். சைனீஸ் கடை நூடில்ஸில் போடுகிற, விரல் நீளத்துக்கு வளர்ந்த வெள்ளை முளை அது. அவ்வளவு வளர விதை தன் மாப்பொருளை எரித்துவிடுகிறது, அதனால் கலோரி குறைந்து புரதத்தின் பங்கு ஏறித் தெரிகிறது. புதிதாகப் புரதம் எதுவும் உண்டாகவில்லை. மிச்சம் எல்லாம் தண்ணீர். அதில் 23 கிராம் எடுக்க முக்கால் கிலோ முளை தின்ன வேண்டும். அம்மம்மா தின்பாரா, ஆடுதான் தின்னும்.

நாங்கள் வீட்டில் கட்டுகிற பயறு அப்படி இல்லை. இரவு ஊற வைத்து, காலையில் வடித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் மன்னார் வெக்கைக்கு மறுநாளே சின்ன வால் வந்துவிடும். அந்த நிலையில் அது காய்ந்த பயறுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, 100 கலோரிக்கு 7 அல்லது கொஞ்சம் மேலே. அதுவும் நல்ல எண்தான், பனீரைவிட மேல். 50 கிராம் காய்ந்த பயறில் 174 கலோரி, 12 கிராம் புரதம். அளக்கும்போது காய்ந்த பயறாக அளந்துவிட்டு முளைக்க வைப்பதுதான் சரி. முளைத்த பிறகு நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுப்போம்.

முதல் தடவை எங்களுக்குப் பிழைத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் ஊறப்போட்ட பயறு பாதி முளைக்கவே இல்லை, மிச்சம் வழுவழுத்துப் புளித்த மணம் அடித்தது. அந்த மணமும் வழுவழுப்பும் வந்தால் கழுவிப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும். இப்போ குடிதண்ணீரில் ஊற வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு தரம் அலசுகிறோம். வயது போனவருக்குப் பச்சையாகக் கொடுப்பதில்லை, அவித்துத்தான். முளை வருகிற ஈரச்சூட்டில் கிருமியும் வளரும்.

கடைசியாக டோஃபு. கெட்டியான டோஃபு 100 கிராமில் 144 கலோரி, 17 கிராம் புரதம். 100 கலோரிக்கு 12, பனீரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைக் கட்டி. ஆனால் சோயாவில் கொழுப்பு குறைவு, புரதம் கூட. தரத்திலும் சோயாப் புரதம் பாலுக்கும் முட்டைக்கும் கிட்ட வரும். பயறில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோறோடு சாப்பிட்டால் அது ஈடாகும்.

வாங்கி வந்த முதல் நாள் டோஃபுவையும் கெடுத்தோம். துண்டு துண்டாக வெட்டி, பொன்னிறமாகப் பொரித்துக் கொடுத்தோம். அம்மம்மா ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளையள் இது, எண்ணெய் குடிச்ச பஞ்சு மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் சொன்னது அப்படியே கணக்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. 100 கிராம் டோஃபு அவ்வளவைக் குடித்தால் 264 கலோரிக்கு 17 கிராம், அதாவது 100 கலோரிக்கு ஆறரை. பனீரின் இடத்துக்கே இறங்கிவிட்டது! அவித்த பயறுக்கு மேல் அள்ளிப் போடுகிற தேங்காய்ப்பூவும் இதே வேலையைத்தான் செய்யும்.

இப்போ டோஃபுவைத் துணியில் பிழிந்து, கையால் உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கருவேப்பிலையோடு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வறை செய்கிறோம். அது 40 கலோரிதான், அந்த எண்ணெயை அவருடைய வழமையான எண்ணெய்க் கணக்கில் இருந்தே எடுக்கிறோம்.

முடிவில் கலண்டரில் நின்றது இது. மத்தியானம் 100 கிராம் டோஃபு வறை, காலையில் 50 கிராம் பயறு முளைக்க வைத்து அவித்தது. இரண்டும் சேர்த்து 318 கலோரி, 29 கிராம். அந்த 318ஐ எங்கிருந்தாவது கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறை ஏறும். காலைப் புட்டை நிற்பாட்டினோம், சொதிக்குத் தேங்காய்ப் பாலைக் குறைத்தோம். கழித்ததோடு 6 கிராம் புரதமும் போனது. மீதி 23. முப்பத்தேழும் இருபத்துமூன்றும் அறுபது.

இந்தக் கணக்கை எல்லோர் வீட்டுக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. சீனி வருத்தக்காரரில் பலருக்குச் சிறுநீரகமும் பழுதாகியிருக்கும், அவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவதே பிழையாகலாம். அம்மம்மாவின் இரத்தச் சோதனையைக் காட்டி, டொக்டர் சரி என்ற பிறகுதான் நாங்கள் தொடங்கினோம்.

டோஃபு தீர்ந்துபோய்க் கடையிலும் இல்லாத நாட்களில் சோயாமீற் போடுகிறோம், அது 100 கலோரிக்கு டோஃபுவைவிடக் கூட. அம்மம்மாவுக்கு அதன் பெயரே பிடிக்கவில்லை. "மீற் எண்டா இறைச்சி தானே?" என்று கேட்டார். பைக்கற்றைத் திருப்பி, சோயாவில் செய்தது என்று எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருதரம் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் சட்டியில் போட விட்டார்.