புள்ளியிட்ட இடம்

இந்தப் பக்கத்தில் நான் இறுதியாக எழுதி 14 மாதங்கள் ஆகின்றன. அப்பா நோயுற்றார். பெங்களூருக்கும் தருமபுரிக்குமாக ஐந்து மாதங்கள் அலைந்தேன். பிறகு அவர் இல்லை.

தொடர்ந்து எழுதாமல் இருந்ததற்குத் துக்கம் மட்டுமே காரணமன்று. மௌனம் நீள நீள, அதை முடித்துவைக்க வேண்டிய முதல் வாக்கியத்தின் சுமை கூடியது. எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டும் என்று தோன்றியது. முதலில் எழுதிய குறிப்பில் மருத்துவமனை நாட்களை விரிவாகச் சொல்லியிருந்தேன். அப்பாவின் உடல் பட்ட பாட்டைக் காட்சிக்கு வைக்க எனக்கு உரிமையில்லை என்று அதை அழித்தேன். அடுத்ததில் 'மீண்டு வந்துவிட்டேன்' என்று எழுதினேன். மீண்டும் வந்திருப்பது உண்மை. மீண்டு வந்திருப்பது இன்னும் உண்மையாகவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் பாதியில் நிற்கிறது. அதையும் அழித்தேன்.

அப்போது பெருமாள்முருகனை நினைத்துக்கொண்டேன். 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிரான கிளர்ச்சியை அடுத்து, 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே 'கோழையின் பாடல்கள்' என்னும் கவிதைத் தொகுப்போடு தில்லியில் வாசகர்முன் வந்தார். மௌனக் காலத்தில் எழுதிய கவிதைகள் அவை. தமக்குள் ஒரு தணிக்கையாளர் வந்து அமர்ந்துவிட்டதையும் அவர் மறைக்கவில்லை.

அவருடைய மௌனம் பிறரால் திணிக்கப்பட்டது. என்னுடையது வீட்டுக்குள் நேர்ந்தது. இரண்டையும் ஒப்பிடுவது தகாது. ஆயினும் அவர் திரும்பிய முறையில் நான் கற்க ஒன்று இருந்தது. பழைய ஆளாகவே வந்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. மௌனம் தந்ததை முன்வைத்தார். அது பறித்ததையும் ஒப்புக்கொண்டார்.

என் மௌனம் எனக்குக் கவிதை தரவில்லை. சென்ற வாரம், நெடுநாளைக்குப் பின், தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குச் சென்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளின்முன் ஒரு காலைப்பொழுது முழுவதும் அமர்ந்திருந்தேன். இணைத்துள்ள படம் அன்று எடுத்தது. கல்வெட்டைப் பெயர்த்தெழுதும்போது, எழுத்து சிதைந்த இடத்தில் புள்ளிகள் இடுவோம். ஊகித்ததைப் படித்ததுபோல் எழுதமாட்டோம். சிதைவுக்குப் பின் எழுத்து தெளியும் இடத்திலிருந்து வாசிப்பைத் தொடர்வோம்.

இந்த 14 மாதங்களையும் அவ்வாறே விட்டுவிடுகிறேன். விடையளிக்காத மடல்களுக்கு ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கியிருக்கிறேன், தாமதத்தைப் பொறுத்தருள்க. நலமா என்று கேட்பவர்களுக்கு: முழுதாக இல்லை. மூன்றாம் இயலை எங்கே நிறுத்தினேன் என்று கேளுங்கள். அதற்கு என்னால் விடை சொல்ல முடியும்.

படத்துக்கான குறிப்பு இவ்வளவே:

. . . . . தொம்மலூர், காலை.