பழைய டிராக்டர்: சொன்ன சொல்லும் கொடுத்த காகிதமும்

மணப்பாறைப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு தம்பதி, பன்னிரண்டு வருடம் ஓடிய 35 குதிரைத்திறன் டிராக்டரை 2,60,000 ரூபாய்க்குப் பேசினார்கள். விற்றவர் பழைய வண்டி வியாபாரி. அவரிடம் நல்லதும் இருந்தது, குறையும் இருந்தது.

முதலில் வண்டியின் நிலை. காலையில் போனதும் கணவர் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. முன்பே ஓட்டிச் சூடேற்றிய வண்டி எளிதாகக் கிளம்பிவிடும், அதன் குறை தெரியாது. இது இரண்டாவது முயற்சியில் கிளம்பியது. நீலப் புகை இல்லை. கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்தார்கள். சில நிமிடங்களில் கலப்பை மெல்ல இறங்கியது. கேட்பதற்கு முன்பே வியாபாரி சொன்னார்: "அண்ணே, லிஃப்ட் இறங்கும். சீல் தேஞ்சிருக்கு. மணி மீட்டரும் ஓடாது, அதை நம்பாதீங்க. ரெண்டையும் கழிச்சுத்தான் விலை சொன்னேன்." இந்த விஷயத்தில் அவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

சிக்கல் காகிதத்தில் வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வங்கியின் பெயர் இருப்பதை மனைவிதான் கவனித்தார். "கடன் முடிஞ்சிருச்சு அக்கா, லெட்டர் ஒரு வாரத்துல வந்துரும்" என்றார் வியாபாரி. கடன் முடிந்திருந்தாலும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தப் பெயரை நீக்க மாட்டார்கள். கடன் பாக்கியிருந்தால் வங்கி வண்டியையே எடுத்துப்போகலாம். அதனால் மனைவி 25,000 ரூபாயை நிறுத்தி வைத்தார். "புத்தகத்துல எங்க பேரு ஏறின அன்னைக்குத் தர்றோம்" என்று சொல்லி, அதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தார். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் அதில் இருந்தன. பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 இரண்டையும் அன்றே வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் என்றது ஏழு வாரமானது. போன் செய்தால் சில நாள் எடுக்கவே மாட்டார். அதுவரை காப்பீடும் பழைய பெயரிலேயே கிடந்தது. அந்த நிலையில் வண்டி சேதமானால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதால், வயலைத் தாண்டி சாலையில் ஓட்டாமல் வைத்திருந்தார்கள். இதனால் வாடகை உழவு வருமானம் ஒரு பருவம் போயிற்று. பெயர் மாறியதும் பாக்கிப் பணத்தைக் கொடுத்தார்கள். காப்பீட்டை மாற்றப் பதினான்கு நாளே கெடு என்பதால் மறுநாளே விண்ணப்பித்தார்கள்.

விற்ற பிறகு உதவி? பத்தாம் நாள் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகியபோது வியாபாரி தன் மெக்கானிக்கை அனுப்பினார். சாமானுக்கு மட்டும் காசு வாங்கினார், கூலி வாங்கவில்லை. ஆனால் இது எழுத்தில் இல்லாத வாய்ச்சொல்.

அடுத்த வண்டிக்கும் அவரிடம் போவீர்களா என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார். "போவோம். ஆனா வங்கி லெட்டரைக் கண்ணுல பாத்துட்டுத்தான் அட்வான்ஸ்" என்றார் மனைவி.